ஒரே நியமிப்பு, இரண்டு விடை: என் பொலியெஸ்டரின் சங்கிலி எவ்வளவு நீளம்?

கொட்டகலை_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். பேராதனையில் இரசாயனம் படிக்கிறேன், இப்போது விடுமுறையில் வீட்டில் இருக்கிறேன். செய்முறை அறிக்கை ஒன்று எழுத உட்கார்ந்தால் கணக்கு இரண்டு பக்கமாக இழுக்கிறது.

நாங்கள் அடிப்பிக் அமிலமும் எதிலீன் கிளைக்கோலும் சேர்த்துப் பொலியெஸ்டர் செய்தோம். அடிப்பிக் அமிலம் 14.61 கிராம், அதாவது 0.100 மூல். கிளைக்கோல் 6.83 கிராம். ஊக்கியாகத் தொலுயீன்சல்போனிக் அமிலம் 0.078 கிராம். நைதரசன் ஓட்டத்தில் 160 பாகையில் தொடங்கி 180 வரை ஏற்றி, கடைசியில் கொஞ்ச நேரம் குறைந்த அழுக்கத்தில் வைத்தோம். மெழுகு போன்ற வெள்ளைத் திண்மம் 17.8 கிராம் வந்தது.

அதில் 1.500 கிராமை இளஞ்சூடான தொலுயீனில் கரைத்து, எதனோல் சேர்த்து, பினோப்தலீன் போட்டு, 0.0500 மூலர் எதனோலிக் KOH ஆல் நியமித்தேன். அளவியில் 12.90 மி.லீ. போனது.

ஆக ஒரு கிராமில் 0.430 மில்லிமூல் காபொட்சில். ஒரு சங்கிலிக்கு ஒரு காபொட்சில் என்று எடுத்தால் சராசரி மூலர் திணிவு Mn = 1000/0.430 = 2326. மீளும் அலகின் திணிவு 172.2 என்பதால் அதனால் வகுத்தேன், 13.5 வந்தது.

ஆனால் கரோதர்ஸ் சமன்பாட்டில் போட்டால், ஆரம்பத்தில் 200 மில்லிமூல் காபொட்சில் இருந்தது, மிஞ்சியது 0.430 × 17.8 = 7.65 மில்லிமூல். தாக்கமுற்ற பங்கு p = 0.962. Xn = 1/(1−p) = 26. ஒரே நியமிப்பில் இருந்து 13.5 உம் 26 உம் எப்படி வரும்? எதை எழுதுவது?

கண்டி_கெமிஸ்ட்

தங்கச்சி, இது எல்லாரும் இடறுகிற இடம்தான். கரோதர்ஸ் சமன்பாட்டில் Xn என்பது கட்டமைப்பு அலகுகளின் எண்ணிக்கை. உங்கள் சங்கிலியில் அடிப்பிக் பகுதி ஒன்று, கிளைக்கோல் பகுதி ஒன்று என்று தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் 172.2 உள்ள மீளும் அலகு. அதனால் வகுக்க வேண்டியது அதன் பாதியான 86.1 ஆல். முனைகளில் உள்ள H, OH இரண்டுக்கும் 18 ஐக் கழித்துவிட்டு (2326 − 18)/86.1 செய்தால் 26.8 வரும். கரோதர்ஸ் 26 சொல்கிறது. இரண்டும் ஒத்துப் போகிறது.

Mn 2330, Xn 27 என்று எழுதிவிட்டு அறிக்கையை முடியுங்கள். முரண்பாடு ஒன்றும் இல்லை.

கொட்டகலை_மாணவி

நன்றி அண்ணா, இப்போது விளங்குகிறது. இரண்டு வழியிலும் 27 வருவதால் நிம்மதியாக எழுதலாம் அல்லவா?

பெயின்ற்_வேலை

நான் பெயின்ற் கம்பனி ஒன்றில் ரெசின் பக்கம் இருந்தவன். எங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. கெற்றிலில் இருந்து மணிக்கொரு தரம் சாம்பிள் எடுப்போம், அசிட் வேல்யூ பார்ப்போம். 10 க்குக் கீழே இறங்கினால் சூட்டை நிறுத்துவோம். இந்தத் தங்கச்சியின் 0.430 ஐ 56.1 ஆல் பெருக்கினால் அசிட் வேல்யூ 24. இன்னும் வெந்து முடியவில்லை என்று அர்த்தம். கூட நேரம் சூடாக்கினால் அசிட் குறையும், மூலர் திணிவு தானாக ஏறும். அவ்வளவுதான்.

பண்டாரவளை_அளவி

மூன்று பேரும் எழுதியதை வாசித்தேன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டித் தம்பி சொன்ன 172 க்கும் 86 க்கும் உள்ள வேறுபாடு சரி. ஆனால் அதற்குப் பிறகு வந்த 27 ஐ நம்பக் கூடாது. இரண்டு வழியும் ஒத்துப் போவதை ஆதாரமாக எடுக்க முடியாது. ஏனென்றால் இரண்டு வழியிலும் உள்ளே போனது ஒரே ஒரு அளவீடு, அந்த 12.90 மி.லீ. மட்டும். இரண்டிலும் ஒளிந்திருக்கிற அனுமானமும் ஒன்றேதான்: காபொட்சில் முனையும் ஐதரொட்சில் முனையும் சம எண்ணிக்கையில் இருக்கின்றன என்பது. அந்த அனுமானம் பிழைத்தால் இரண்டு விடையும் சேர்ந்தே பிழைக்கும், அதுவும் ஒரே அளவால்.

இப்போது மகளின் செய்முறையைப் பாருங்கள். கிளைக்கோல் 6.83 கிராம். அதை 62.07 ஆல் வகுத்தால் 0.110 மூல். அமிலம் 0.100 மூல். பத்து வீதம் கூடுதலாகக் கிளைக்கோல் போட்டிருக்கிறார்கள். நீரோடு சேர்ந்து கொஞ்சம் கிளைக்கோலும் ஆவியாகிப் போகும் என்பதால் அப்படிப் போடுவது வழக்கம்தான். ஆனால் போன அளவு எவ்வளவு, தங்கிய அளவு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தங்கிய கிளைக்கோல் ஒவ்வொன்றும் சங்கிலிகளின் நுனியில் OH ஆக உட்கார்ந்திருக்கும். KOH க்கு அது தெரியவே தெரியாது.

நேரான சங்கிலி ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. ஆகவே சங்கிலிகளின் எண்ணிக்கை என்பது எல்லா முனைகளையும் கூட்டி இரண்டால் வகுப்பது. ஒரு கிராமில் காபொட்சில் a மில்லிமூல், ஐதரொட்சில் b மில்லிமூல் என்றால்

```
Mn = 2000 / (a + b)
```

a உம் b உம் சமமாக இருந்தால் மட்டுமே இது 1000/a ஆகச் சுருங்கும். ஐதரொட்சியமிலம் ஒன்றிலிருந்து செய்த பொலியெஸ்டராக இருந்திருந்தால் ஒரு சங்கிலிக்கு ஒரு காபொட்சில் என்பது தானாகவே உறுதி, அங்கே அமில நியமிப்பு போதும். இரண்டு வேறு மூலப்பொருள் சேர்த்தால் அந்த உறுதி கிடையாது.

எவ்வளவு தூரம் பிழைக்கும் என்று பார்க்கலாம். அமிலத்தின் எண்ணிக்கையைக் கிளைக்கோலின் எண்ணிக்கையால் வகுத்தது r என்றால், பொதுவான சமன்பாடு இது:

```
Xn = (1 + r) / (1 + r − 2rp)
```

மிகையான கிளைக்கோல் முழுவதும் போயிருந்தால் r = 1, உங்கள் p உடன் Xn 26 வரும். ஒரு துளியும் போகாமல் இருந்தால் r = 0.909, அப்போது Xn 12 தான். உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அமில நியமிப்பை எத்தனை தரம் திருப்பிச் செய்தாலும் எங்கே என்று அது சொல்லாது. ஐதரொட்சிலையும் அளக்க வேண்டும்.

பெயின்ற் தம்பி சொன்னதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. கூட நேரம் சூடாக்கி அமிலம் முழுவதும் தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். a பூச்சியம். 1000/a முடிவிலி. ஆனால் r 0.909 ஆகவே நின்றால் சங்கிலி (1+r)/(1−r) ஐத் தாண்டாது, அது 21. எல்லா முனையும் OH ஆகிவிட்ட பிறகு அமிலத்தை எண்ணிக் கொண்டிருப்பதில் பயன் இல்லை. வெற்றிடத்தில் இன்னும் சூடாக்கினால் சங்கிலி நுனிகள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு கிளைக்கோலை வெளியே விடும், அப்போது நீளும். அந்த வளர்ச்சியும் அமில நியமிப்பில் தெரியாது.

பெயின்ற்_வேலை

சரி ஐயா, உங்கள் கணக்கு விளங்குகிறது. ஆனால் எங்கள் அல்கைட் ரெசினுக்கு அசிட் வேல்யூ வைத்துத்தானே எல்லாம் நடந்தது? அதில் தலிக் அன்ஹைட்ரைட், கிளிசரின், எண்ணெய் அமிலம் மூன்றும் இருக்கும். அதன் மூலர் திணிவையும் இப்படிக் கண்டுபிடிக்கலாமா?

பண்டாரவளை_அளவி

நீங்கள் அசிட் வேல்யூ பார்த்தது தாக்கம் எங்கே நிற்கிறது என்று அறிய. ஒரே கலவை, ஒரே கெற்றில், நேற்றைய தொகுதியோடு இன்றையதை ஒப்பிட அது நல்ல அளவுகோல். மூலர் திணிவுக்கு வராது. கிளிசரினுக்கு மூன்று OH, அதனால் சங்கிலி கிளைவிடும். கிளைவிட்ட மூலக்கூறுக்கு எத்தனை முனை என்று சொல்ல முடியாதபோது இரண்டால் வகுக்க இடமில்லை. எண்ணெய் அமிலம் வேறு, ஒரு பக்கம் மட்டும் ஒட்டி முனையை மூடிவிடுகிறது. அந்த முனையை KOH உம் காணாது, ஐதரொட்சில் நியமிப்பும் காணாது.

நுவரெலியா_டீச்சர்

மகள், உங்கள் 12.90 மி.லீ. பற்றியே எனக்கு இரண்டு கேள்வி இருக்கிறது. OH க்குப் போக முன் அதைச் சரிபார்ப்போம்.

வெற்று நியமிப்பு செய்தீர்களா? அதே அளவு தொலுயீன், எதனோல், காட்டி, பொலியெஸ்டர் மட்டும் இல்லாமல். எதனோலில் கொஞ்சம் அமிலம் இருக்கும், காபனீரொட்சைட்டும் கரைந்திருக்கும். அது உங்கள் சங்கிலியின் கணக்கில் ஏறக் கூடாது.

அடுத்தது, KOH கரைசலை எங்கே நியமப்படுத்தினீர்கள், எங்கே பாவித்தீர்கள்? எதனோல் ஒரு பாகைக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரிகிற திரவம். நீரைவிடப் பல மடங்கு. 28 பாகையில் நியமப்படுத்திய போத்தலை எங்கள் பக்கம் கொண்டுவந்து காலையில் 16 பாகையில் பாவித்தால், அதே மில்லிலீற்றரில் ஒரு வீதத்துக்கு மேல் கூடுதல் KOH இருக்கும். அளவி பிழையான கனவளவு காட்டாது, செறிவுதான் மாறியிருக்கும். உங்கள் 12.90 இல் அது 0.15 மி.லீ. அளவுக்கு வரும். இங்கே நாங்கள் நியமிக்கப் போகிற மேசையிலேயே, அன்றைக்கே பொற்றாசியம் ஐதரசன் தலேற்றால் நியமப்படுத்துவோம்.

குளிரில் இன்னொரு தொல்லையும் உண்டு. அடிப்பிக் பொலியெஸ்டர் இளஞ்சூட்டில் கரைந்து, எதனோல் விழ விழக் கலங்கும். பால் போன்ற கலங்கலில் இளஞ்சிவப்பு எங்கே தொடங்கியது என்று கண்ணால் பிடிக்க முடியாது. தொலுயீனைக் கூட்ட வேண்டும், குடுவையைக் கையிலே வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். அதற்காக அடுப்பில் சூடாக்கி நியமிக்கக் கூடாது. சூட்டில் KOH எஸ்டர் பிணைப்பையே வெட்டத் தொடங்கும்.

கொட்டகலை_மாணவி

டீச்சர், வெற்று நியமிப்பு செய்தோம். 0.20 மி.லீ. போனது. அதைக் கழிக்க வேண்டும் என்று செய்முறைத் தாளில் இருக்கவில்லை, குறித்து மட்டும் வைத்தேன். KOH ஐ அதே நாள் அதே ஆய்வுகூடத்தில் நியமப்படுத்தினார்கள், அதனால் வெப்பநிலைப் பிரச்சினை இருக்காது என்று நினைக்கிறேன்.

இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் நின்றது, பிறகு மெல்ல மங்கியது. இன்னும் சேர்க்க வேண்டுமா என்று யோசித்து நிறுத்திவிட்டேன்.

நுவரெலியா_டீச்சர்

நிறுத்தியது நல்லது. அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவுப் புள்ளி. பிறகு மங்குவது காற்றிலிருந்து வருகிற காபனீரொட்சைட்டாலும், எஸ்டர் மெல்ல நீர்ப்பகுப்பதாலும். மங்கும்தோறும் துளி சேர்த்துக்கொண்டே போனால் முடிவே இருக்காது, சங்கிலி குட்டையானது போல விடை வரும்.

அப்போ 12.70 மி.லீ. 0.635 மில்லிமூல். கிராமுக்கு 0.423.

பண்டாரவளை_அளவி

டீச்சருக்கு நன்றி. அதிலிருந்து இன்னொன்றும் கழிய வேண்டும். ஊக்கியாகப் போட்ட தொலுயீன்சல்போனிக் அமிலமும் அமிலம்தான், அது பொலியெஸ்டருக்குள்ளேயே கிடக்கிறது. KOH முதலில் அதைத்தான் பிடிக்கும். ஒருநீரேற்றாக 0.078 கிராம் என்றால் 190.2 ஆல் வகுத்து 0.41 மில்லிமூல். 17.8 கிராமில் பரவியிருந்தால் கிராமுக்கு 0.023. ஆகவே சங்கிலியின் காபொட்சில் 0.400. முழு அமில அளவில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் ஊக்கியுடையது. வெற்று நியமிப்பில் இது வராது, ஏனென்றால் வெற்றில் ஊக்கி இல்லை.

இந்த 0.400 ஐ வைத்துப் பழைய வழியில் போனால் Mn 2500. விடை இன்னும் நீளமான சங்கிலியைக் காட்டுகிறது. திருத்தத் திருத்த, ஒரு சங்கிலிக்கு ஒரு காபொட்சில் என்ற அனுமானத்தின் பிழை மட்டும் அப்படியே நிற்கிறது.

இனி OH. மீதிப் பொருள் கையில் இருக்கிறதா? உங்கள் பொறுப்பாளரிடம் கேட்டு அசற்றிலேற்றம் செய்யலாம். அசற்றிக் அன்ஹைட்ரைட்டைப் பிரிடீனில் கலந்து அளந்து சேர்ப்பது, ஒரு மணித்தியாலம் நீர்த்தொட்டியில் வைப்பது, பிறகு நீர் விட்டு மிஞ்சிய அன்ஹைட்ரைட்டை அமிலமாக்கி 0.5 மூலர் KOH ஆல் நியமிப்பது. OH ஒன்று ஒரு அசற்றைல் கூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் வெற்றைவிடச் சாம்பிளுக்கு KOH குறைவாகப் போகும். அந்தக் குறைவுதான் OH. சாம்பிளில் ஏற்கெனவே இருக்கிற அமிலம் KOH ஐக் கூட்டிக் குடித்திருக்கும் என்பதால் அதைத் திரும்பக் கூட்ட வேண்டும். இங்கே ஊக்கியும் சேர்ந்த 0.423 ஐத்தான் கூட்ட வேண்டும், 0.400 ஐ அல்ல. பிரிடீன் இருப்பதால் புகையறைக்குள் மட்டும் செய்யுங்கள்.

நுவரெலியா_டீச்சர்

ஒரு சின்னக் குறிப்பு. செய்முறைகளில் 98 பாகை நீர்த்தொட்டி என்று எழுதியிருப்பார்கள். பேராதனையில் அதை ஏறக்குறைய எட்டலாம். நுவரெலியா உயரத்தில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் ஏறாது. இங்கே செய்பவர்கள் எண்ணெய்த் தொட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நேரத்தைக் கூட்டி, ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஒரே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். தாக்கம் முடியாமல் நிறுத்தினால் OH குறைவாகத் தெரியும், மூலர் திணிவு பொய்யாக உயரும்.

லிந்துலை_தம்பி

நான் ஏ.எல். படிக்கிறேன். இதை வாசித்ததும் ஒரு ஆசை வந்தது. தண்ணீர்ப் போத்தலும் பொலியெஸ்டர்தானே? அதை வெட்டி இப்படி நியமித்துச் சங்கிலி நீளம் கண்டுபிடிக்க முடியுமா? பள்ளிக்கூடத்தில் KOH உம் பினோப்தலீனும் இருக்கிறது.

பண்டாரவளை_அளவி

கேள்வி நல்ல கேள்வி தம்பி. ஆனால் அந்தப் போத்தல் தொலுயீனிலோ எதனோலிலோ கரையாது. சூடான பென்சைல் அற்ககோல், ஒதோ கிரெசோல் போன்றவற்றில்தான் கரைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதைத் தொட வேண்டாம்.

கரைத்தாலும் அடுத்த தடை எண்ணிக்கையில் இருக்கிறது. போத்தல் பொலியெஸ்டரின் Mn இருபதாயிரத்துக்கு மேல் போகும். ஒரு கிராமில் காபொட்சில் 0.03 மில்லிமூல் அளவுதான். இந்த 0.05 மூலர் KOH ஐ எடுத்தால் முழு நியமிப்புமே 0.6 மி.லீ. இல் முடிந்துவிடும். ஒரு துளி 0.05 மி.லீ. வெற்று 0.2 மி.லீ. அளப்பதைவிட அளவில் வருகிற சந்தேகம் பெரிதாகிவிடும். செறிவு குறைந்த கரைசல், நுண்ணளவி, மின்வாய் எல்லாம் வைத்துத்தான் தொழிற்சாலைகளில் அளக்கிறார்கள். அவர்களும் அதை மூலர் திணிவுக்கு அவ்வளவாகப் பாவிப்பதில்லை, பொருள் சூட்டில் எவ்வளவு சிதைந்தது என்று அறியப் பாவிக்கிறார்கள். மூலர் திணிவுக்குப் பாகுநிலை அளப்பார்கள். முனை எண்ணும் வழி குட்டைச் சங்கிலிகளுக்கே உரியது.

கொட்டகலை_மாணவி

விடுமுறை முடிந்து வந்து பொறுப்பாளரிடம் கேட்டேன், அனுமதி தந்தார். OH நியமிப்பு செய்தேன். சாம்பிள் 2.000 கிராம், KOH 0.500 மூலர். வெற்றுக்கு 40.10 மி.லீ., சாம்பிளுக்கு 37.00 மி.லீ.

வேறுபாடு 3.10 மி.லீ., அதாவது 1.55 மில்லிமூல், கிராமுக்கு 0.775. அதோடு 0.423 கூட்டினால் OH 1.198.

a = 0.400, b = 1.198. Mn = 2000/1.598 = 1252.

பாதியாகக் குறைந்துவிட்டது! நான்கு முனையில் மூன்று OH.

கண்டி_கெமிஸ்ட்

1252 இல் 18 ஐக் கழித்து 86.1 ஆல் வகுத்தால் Xn 14.3. அப்போ தங்கச்சி முதலில் எடுத்த 13.5 சரிக்குக் கிட்டத்தான் இருந்திருக்கிறது!

பண்டாரவளை_அளவி

எண் கிட்ட வந்தது தற்செயல், தம்பி. அந்த 13.5 மீளும் அலகுகளின் எண்ணிக்கை. இந்த 14.3 கட்டமைப்பு அலகுகள், மீளும் அலகில் சொன்னால் 7 சொச்சம். ஒன்று மற்றொன்றின் இரண்டு மடங்கு நீளமான சங்கிலி. OH மூன்று மடங்காக இருந்ததால் Mn பாதியானது, அலகின் குழப்பத்திலும் இரண்டு வருவதால் இரண்டும் ஒன்றை ஒன்று மறைத்துவிட்டன. வேறு விகிதமாக இருந்திருந்தால் இந்த ஒற்றுமை வந்திருக்காது. அறிக்கையில் எந்த அலகு என்று கட்டாயம் எழுத வேண்டும்.

18 ஐக் கழிப்பதும் இங்கே முழுச் சரியில்லை. முனைகள் பெரும்பாலும் கிளைக்கோல் என்பதால் ஒவ்வொரு சங்கிலியிலும் சராசரியாக அடிப்பிக்கைவிட அரைக் கிளைக்கோல் கூடுதல். அதைச் சேர்த்துப் போட்டால் ஒரு சங்கிலிக்கு அடிப்பிக் 7.03, கிளைக்கோல் 7.53, மொத்தம் 14.6. நீளமான சங்கிலிக்கு இந்த வித்தியாசத்தை மறந்துவிடலாம், குட்டைச் சங்கிலியில் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த இரண்டு எண்ணின் விகிதம் 0.934. அதுதான் உங்கள் r. பத்து வீத மிகையில் ஏழு வீதம் தங்கிவிட்டது, மூன்று வீதம் நீரோடு போயிருக்கிறது. வடித்து எடுத்த நீரை வைத்திருக்கிறீர்களா? அதில் கிளைக்கோல் 0.003 மூல் அளவு, அதாவது 0.2 கிராம் கிட்ட இருக்க வேண்டும். அதை அளக்க முடிந்தால் இந்த விடைக்கு நியமிப்போடு சம்பந்தமில்லாத சாட்சி ஒன்று கிடைக்கும். நான் கேட்டுக்கொண்டிருப்பது அப்படியான சாட்சிதான்.

கொட்டகலை_மாணவி

வடித்த நீரை ஊற்றிவிட்டார்கள் ஐயா. ஆனால் வேறொரு சாட்சி இருக்கிறது, அது எதிர்ப்பக்கம் பேசுகிறது. எங்கள் குழுவில் ஒருவர் அதே சாம்பிளை ஜீ.பீ.சி. இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்தார். Mn 2150 என்று வந்திருக்கிறது.

கண்டி_கெமிஸ்ட்

இதைத்தான் நான் ஆரம்பத்தில் சொன்னேன். 2150 என்பது 2330 க்குப் பக்கம், 1252 க்குப் பக்கம் இல்லை. ஜீ.பீ.சி. முனை எதையும் எண்ணுவதில்லை, அனுமானமும் இல்லை. OH நியமிப்பில்தான் ஏதோ பிசகு. சாம்பிளில் ஈரம் இருந்திருக்கும், நீர் அன்ஹைட்ரைட்டைத் தின்றிருக்கும்.

நுவரெலியா_டீச்சர்

ஈரம் அப்படி வேலை செய்யாது. நீர் அன்ஹைட்ரைட்டை அசற்றிக் அமிலமாக்கும். ஆனால் கடைசியில் நாமே நீர் விட்டு மிஞ்சியதை எல்லாம் அமிலமாக்கத்தானே போகிறோம்? ஒரு மூலக்கூறு அன்ஹைட்ரைட் எப்போது நீரைச் சந்தித்தாலும் தருவது இரண்டு அமிலம்தான். ஈரத்தால் கணக்கு மாறாது. ஈரம் மிகவும் கூடி OH க்கு அன்ஹைட்ரைட் போதாமல் போனால் OH *குறைவாக* வரும். இங்கே வெற்றில் 20 மில்லிமூல் அமிலம், அதாவது அன்ஹைட்ரைட் 10 மில்லிமூல். தேவைப்பட்டது 2.4 தான். தாராளமாக இருந்திருக்கிறது.

ஈரம் நிறையைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், அது வேறு.

பண்டாரவளை_அளவி

ஜீ.பீ.சி. அனுமானம் இல்லாத கருவி என்று சொல்ல மாட்டேன். அது திணிவை அளப்பதில்லை, கரைசலில் சங்கிலி பிடிக்கிற பருமனை அளக்கிறது. அதைத் திணிவாக மாற்றப் பொலிஸ்டைரீன் நியமங்களை வைத்திருப்பார்கள். ஒரே திணிவுள்ள பொலிஸ்டைரீனைவிட இந்த வகை நேர்ச் சங்கிலி பொலியெஸ்டர்கள் கூடப் பருமனாகப் பரவி நிற்கும், அதனால் திணிவு கூடத் தெரியும். பொலிகப்ரோலக்டோன் செய்கிறவர்கள் ஜீ.பீ.சி. எண்ணை 0.56 ஆல் பெருக்கி எழுதுவது வழக்கம். இங்கே அப்படிச் செய்தால் 1200 வரும்.

ஆனால் அதை நான் வெற்றியாகக் கொள்ளவில்லை. அந்தக் காரணி வேறொரு பொலியெஸ்டருக்கு உரியது, அதுவும் நீளச் சங்கிலிகளில் எடுத்தது. இந்தக் குட்டைச் சங்கிலிக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மனம் வரவில்லை. மிகக் குட்டையானவை இயந்திரத்தில் கரைப்பான் உச்சியோடு கலந்து எண்ணப்படாமல் போவதும் உண்டு.

என் பக்கத்திலும் ஓட்டை இருக்கிறது. தாக்கமுறாத கிளைக்கோல் சாம்பிளில் கிடந்தால் ஒவ்வொன்றும் இரண்டு OH காட்டும், 62 திணிவுள்ள சங்கிலி என்று கணக்கில் ஏறும். கிராமுக்கு 0.1 மில்லிமூல், அதாவது ஆறு மில்லிகிராம் கிளைக்கோல் இருந்தால் போதும், அதை நீக்கிய Mn 1252 இலிருந்து 1420 க்கு ஏறிவிடும். மறுபக்கம், வளையமாக மூடிக்கொண்ட மூலக்கூறுகளுக்கு முனையே இல்லை. அவை இருந்தால் உண்மையான Mn நம் விடையையும் விடக் குறைவு.

கண்டி_கெமிஸ்ட்

அப்போ சுத்தப்படுத்தி அளந்தால் தீர்ந்தது. குளோரோபோமில் கரைத்து மெதனோலில் வீழ்த்தி, கழுவி, உலர்த்தி, இரண்டு நியமிப்பும் திரும்பச் செய்யட்டும்.

பண்டாரவளை_அளவி

கிளைக்கோல் போய்விடும், உண்மை. ஆனால் குட்டைச் சங்கிலிகளும் மெதனோலில் கரைந்து சேர்ந்தே போகும். Mn என்பது எண்ணிக்கைச் சராசரி, குட்டையானவையே அதில் கூட எடை போடும். வீழ்த்திய பொருளின் Mn நிச்சயம் உயர்ந்துதான் வரும், அது செய்த பொருளின் Mn ஆக இருக்காது. வேண்டுமென்றால் வெற்றிடத்தில் 80 பாகையளவில் உருக்கி வைத்துக் கிளைக்கோலை மட்டும் இழுத்து, நிறை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம். ஊக்கி உள்ளே இருப்பதால் அதே நேரம் சங்கிலியும் கொஞ்சம் நீளக்கூடும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

கொட்டகலை_மாணவி

பொறுப்பாளரிடம் கேட்டேன். என்.எம்.ஆர். க்குக் கொடுக்கலாம் என்கிறார், இடம் கிடைக்க நாளாகும். அதுவரை அறிக்கையில் இப்படி எழுதப் போகிறேன்: அமிலமும் ஐதரொட்சிலும் சேர்த்த முனை எண்ணிக்கையில் Mn 1250, கட்டமைப்பு அலகில் Xn 14 அல்லது 15, சாம்பிள் சுத்தப்படுத்தப்படாதது. ஜீ.பீ.சி. 2150, பொலிஸ்டைரீனுக்கு ஒப்பாக. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

கண்டி_கெமிஸ்ட்

என்.எம்.ஆர். வந்ததும் இங்கே போடுங்கள். OH பக்கத்து CH₂ இன் உச்சி 3.8 கிட்ட வரும், எஸ்டர் பக்கத்தது 4.27. என்னைக் கேட்டால் அந்த 3.8 நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக இருக்கும்.

பண்டாரவளை_அளவி

கேட்கும்போது சுயாதீனக் கிளைக்கோலின் உச்சியும் அதே பக்கம்தான் விழும், 3.7 கிட்ட. இரண்டும் பிரிந்து தெரிகிற மாதிரி ஓட்டச் சொல்லுங்கள் மகள். ஒட்டிக்கொண்டு வந்தால் நாம் இப்போது நிற்கிற இடத்திலேயே நிற்போம்.